அம்மா பேரில் போட்ட பணம்

மேட்ரன் அம்மாவுக்கு அருவருப்பு அவ்வளவு லேசில் வராது. முப்பத்திநாலு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் சீழும் வாந்தியும் பார்த்தவர். மற்ற நர்ஸுகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் பிஸ்கட் தின்றவர். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஒரே ஒரு காகிதத்தைப் படித்து வயிற்றைப் புரட்டியது என்றால் அது என்ன காகிதம் என்று கேட்கத்தானே தோன்றும்.

வரி அலுவலகத்துக் கடிதம். போன நிதியாண்டில் உங்கள் பெயரில் உள்ள வைப்புத்தொகைக்கு நாலு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் வட்டி வந்திருப்பதாக வங்கி தெரிவித்திருக்கிறது. நீங்கள் தாக்கல் செய்த கணக்கில் பென்ஷன் மட்டும்தான் இருக்கிறது. கணக்கு தவறு என்றால் டிசம்பருக்குள் திருத்துங்கள், இல்லை என்றால் பதில் சொல்லுங்கள் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

நாலு லட்சத்து அறுபத்தைந்தாயிரம்! அதில் ஒரு டீ குடித்த ஞாபகம்கூட அவருக்கு இல்லை.

பணம் மகனுடையது. மனை விற்ற காசு அறுபது லட்சத்தை, "வயசானவங்களுக்கு அரை பர்சன்ட் வட்டி கூட வரும்மா" என்று சொல்லி அம்மா பேரில் போட்டிருந்தான். அதற்கென்று தனியாக ஒரு கணக்கு. ஏடிஎம் கார்டு அவனிடம், பதிவு செய்த போன் நம்பர் அவனுடையது. வருஷா வருஷம் அம்மாவின் வரிக்கணக்கைத் தாக்கல் செய்வதும் அவன்தான். போன வருஷமும் இந்த வருஷமும் ஏப்ரலில் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து, பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்து வாங்கிப் போனான். பெற்ற பிள்ளையாயிற்றே என்று மேட்ரனும் போட்டுக் கொடுத்தார். கொடுக்காத மருந்துக்கு எந்த டாக்டர் சொல்லியும் கையெழுத்துப் போடாத மனுஷி, படிக்காத காகிதத்துக்குப் போட்டார். அந்த எரிச்சல் மகன் மேல் பாதி, தன் மேல் பாதி.

ஆடிட்டரின் அலுவலகம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. நாற்பது வயதுப் பெண்மணி. மேசை நிறைய ஃபைல்கள், நடுவில் ஒரு கம்ப்யூட்டர். மேட்ரன் வரும்போதே மகனையும் கையோடு இழுத்து வந்திருந்தார். ஆடிட்டர் கடிதத்தைப் படித்தாள், வங்கியிலிருந்து மேட்ரன் வாங்கி வந்திருந்த நகல்களையும் புரட்டினாள்.

"பேங்க்ல ஏன் வரி பிடிக்கலைன்னு இப்ப தெரியுது. என் மொத்த வருமானத்துக்கு வரியே வராது, அதனால பிடிக்க வேண்டாம்னு நீங்க உறுதிமொழி குடுத்திருக்கீங்க. இதோ உங்க கையெழுத்து. பென்ஷனோட இந்த வட்டியும் சேர்ந்தா வரி வருதும்மா. அப்ப இந்த உறுதிமொழி பொய்."

பொய் என்ற வார்த்தை மேட்ரனின் முகத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேங்க்ல பிடிக்கலைன்னா வரி கிடையாதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க" என்றான்.

"பிடிக்கறதும் பிடிக்காததும் பேங்க் வேலை. வருமானம் வந்தா கணக்குல காட்டறது நம்ம வேலை. பிடிக்கலைன்னாலும் இவ்வளவு வட்டி குடுத்தோம்னு பேங்க் எழுதி அனுப்பிடும்."

"அப்ப இந்தத் தகவல் தப்புன்னு பதில் போட்டுட்டா?"

வாய் கூசாமல் கேட்டான். இதே வாய்க்குத்தான் இவர் ஒரு காலத்தில் நைட் டியூட்டி முடித்து வந்து தூக்கக் கண்ணோடு சோறு ஊட்டினார். ஆடிட்டருக்கு இந்த மாதிரி ஆட்கள் பழக்கம்போல. அவள் குரல் மாறவில்லை.

"தப்பில்லையே சார். இந்த வருமானம் வேற ஒருத்தரோடதுன்னு சொல்ல ஒரு வழி இருக்கு. அது யாரோடதுன்னு அவங்க வரி நம்பரையும் குடுக்கணும். அவங்க தன்னோட கணக்குல காட்டி வரி கட்டணும். பணம் உங்களோடதுன்னா, உங்க நம்பரச் சொல்லுங்க."

மேட்ரன் காத்திருந்தார். சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தார், பாவம். அம்மாவைப் பொய்க்காரி என்று ஒருத்தி எதிரிலேயே சொல்லியிருக்கிறாள், பிள்ளைக்கு ரோஷம் வராதா என்ன.

"எனக்கு எவ்வளவு வரும்?" என்றான் அவன்.

"உங்க சம்பளத்துக்கு மேல இது சேரும். முப்பது பர்சன்ட்னா ஒண்ணரை லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ."

"அம்மாவுக்கு?"

ஆடிட்டர் கணக்குப் போட்டாள். "முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்."

"அந்தப் பொய் உறுதிமொழிக்கு என்ன பண்ணுவாங்க?" என்றான்.

"தெரிஞ்சே குடுத்தா குத்தம்தான். சட்டத்துல தண்டனை இருக்கு. தானா திருத்தி வரியக் கட்டிட்டா பொதுவா அந்த அளவுக்குப் போகாது. போகவே போகாதுன்னு நான் எழுதித் தர முடியாது."

அவன் தாடையைச் சொறிந்தான். பிறகு கேட்டான்:

"அம்மா வயசுக்கெல்லாம் ஜெயில்ல போடமாட்டாங்க இல்ல?"

ஒன்றரை லட்சம் ஒரு பக்கம், முப்பத்தெட்டாயிரமும் அம்மாவும் மறு பக்கம். காய்கறி வாங்குகிறவன்கூட இன்னும் கொஞ்சம் யோசிப்பான். மேட்ரனுக்குக் குமட்டியது. பழைய வார்டுகளின் நாற்றமெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்தாலும் இப்படிக் குமட்டியிருக்காது. மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

"அப்ப அம்மா கணக்குலயே காட்டிடுங்க மேடம். பணத்த நான் அவங்களுக்குக் குடுத்ததாவே வச்சுக்கலாம்."

"வச்சுக்கலாம்னு எல்லாம் கிடையாது சார். நிஜமாவே குடுத்திருந்தாதான் அப்படி எழுதலாம். பிள்ளை அம்மாவுக்குக் குடுத்தா அதுக்கு வரி இல்ல. அதுல வர்ற வட்டி அன்னையிலேருந்து அம்மாவோடது, வரியும் அம்மாவோடது. அந்த மாதிரிக் குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன். குடுத்துட்டேன்" என்று இரண்டு முறை சொன்னான் அந்த மகராசன்.

ஆடிட்டர் அன்றைய தேதி போட்டு ஒரு பக்கம் அடித்து நீட்டினாள். அறுபது லட்சத்தை என் தாயாருக்கு, எந்த உரிமையும் வைத்துக்கொள்ளாமல், போன வருஷம் ஏப்ரலிலேயே கொடுத்துவிட்டேன், இப்போது அதை எழுத்தில் உறுதிசெய்கிறேன் என்று இருந்தது. அவன் படிக்கவில்லை. பெருக்கல் குறி எங்கே என்று தேடிக் கையெழுத்துப் போட்டான். மேட்ரன் படித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, விரல் வைத்து, நிதானமாகப் படித்தார்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பென்ஷனோடு வட்டியையும் சேர்த்துக் கணக்கைத் திருத்தினாள் ஆடிட்டர். வரியை மேட்ரன் தன் பென்ஷன் சேமிப்பிலிருந்து அங்கேயே கட்டினார். ரசீது நம்பரைப் போட்டு, திருத்திய கணக்கு போய்ச் சேர்ந்தது. கடிதத்துக்கும் தகவல் சரிதான் என்று பதில் போயிற்று.

"இந்த வருஷத்துக்கும் அதே உறுதிமொழி பேங்க்ல இருக்குமே" என்றார் மேட்ரன்.

"இருக்கு. அது தப்புன்னு எழுதிக் குடுத்து, இனிமே வரி பிடிக்கச் சொல்லுங்கம்மா."

"இப்பவே போறேன்."

மகனுக்கு மூச்சு வந்தது. வாட்சைப் பார்த்துக்கொண்டே எழுந்தான். "நல்லவேளை, முடிஞ்சுது. வாங்கம்மா, உங்கள பேங்க்ல விட்டுட்டு நான் ஆபீஸ் போறேன்."

மேட்ரன் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையை விரித்து அவன் முன்னால் நீட்டினார்.

"என்னம்மா?"

"கார்டு."

"எந்தக் கார்டு?"

"என் கணக்கோட கார்டு. போன் நம்பரையும் இப்ப பேங்க்ல மாத்திடறேன்."

அவன் சிரித்தான். ஆடிட்டரைப் பார்த்தும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"அம்மா, அது சும்மா பேப்பருக்கு. அடுத்த மாசம் ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கணும். உங்களுக்கே தெரியும்."

"தெரியும். என்கிட்ட வந்து கேளு. குடுக்கறதா வேணாமான்னு யோசிச்சுச் சொல்றேன்."

"என் பணம்மா அது."

"அப்படியா? அப்ப மேடத்துக்கு உன் வரி நம்பரச் சொல்லு. அந்தப் பேப்பரக் கிழிச்சுட்டு உன் கணக்குல மாத்திப் போடச் சொல்லுவோம்."

ஆடிட்டர் கீபோர்டில் கை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். மேட்ரனும் பார்த்தார். இந்த முறையாவது வாயைத் திறந்து தன் நம்பரைச் சொல்லித் தொலைக்க மாட்டானா என்று, சத்தியமாக, அந்தத் தாய் மனசு இன்னொரு தரம் ஏங்கியது. சொல்லியிருந்தால் அவ்வளவையும் அந்த நிமிஷமே அவனிடம் விட்டிருப்பார்.

ஒன்றரை லட்சம் போனால் போனதுதான், அம்மா எங்கே போய்விடுவாள் என்று கணக்குப் போட்டானோ என்னவோ, அவன் பர்ஸைத் திறந்து கார்டை எடுத்து மேசைமேல் வைத்தான்.