சிறுத்தை இல்லாத மலை

அக்னஸ் டீச்சரிடம் சண்டை போட வேண்டுமென்றால் ஒரு வார்த்தை போதும். "நிரூபிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். மீதியை அவளே பார்த்துக்கொள்வாள், சாப்பாடு தூக்கம் எல்லாம் மறந்து.

அந்த வார்த்தையைச் சொன்னவர் பிலோமின்ராஜ். திருச்சியில் ஆண்கள் கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவர். அக்னஸ் பெண்கள் கல்லூரியில் விலங்கியல். 1966 மார்கழியில், தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு காபி கிளப்பில், அவளுடைய கட்டுரையைப் படித்து முடித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார்.

கட்டுரையின் முதல் வரி: "பச்சைமலையின் தெற்குச் சரிவில் இப்போது சிறுத்தை இல்லை." எட்டு வருஷத்துக்கு முன்னால் லைசென்ஸ் வாங்கிச் சுட்டதுதான் கடைசி. அதற்கப்புறம் ஒரு கன்றுக்குட்டி, ஓர் ஆடு, சிறுத்தை அடித்ததாக யாரும் புகார் கொடுக்கவில்லை. சிறுத்தை போனதும் காட்டுப்பன்றி பெருகிற்று. பன்றி மரத்தடியைக் கிளறி விதையையும் கிழங்கையும் தின்றது. மூன்று வருஷமாக அவள் போய்ப் பார்க்கிறாள், பெரிய மரம் இருக்கிறது, அதன் கீழே ஒரு மரக்கன்றுகூட இல்லை. பக்கத்து மலையில் சிறுத்தை இருக்கிறது, கன்றுகளும் இருக்கின்றன.

இப்போது அந்தப் பக்கத்து மலையிலும் சிறுத்தையைச் சுட வேட்டைக்காரர்கள் லைசென்ஸ் கேட்கிறார்கள். பொங்கல் கழிந்து வனத்துறை அதிகாரி ஒரு கூட்டம் போடுகிறார், அவளும் பிலோமின்ராஜும் எதிரெதிராகப் பேச வேண்டும். அக்னஸ் தோற்றால் அங்கேயும் துப்பாக்கி ஏறும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான், ஏறக்கூடாது.

"பக்கத்து மலையடிவாரத்துல ஊரும் இல்ல, மரவள்ளியும் இல்ல" என்றார் பிலோமின்ராஜ். "இங்க எட்டு வருஷமா மரவள்ளி போடுறாங்க. பன்னிக்கு விருந்து வச்சா அது பெருகாம என்ன செய்யும்? ஒரு ஈத்துல நாலஞ்சு குட்டி. சிறுத்தை குட்டியத்தான் தூக்கும், பெரிய பன்னிகிட்ட அது அவ்வளவா போறதில்ல. மரக்கன்னு இல்லாததுக்கு ஆடும் விறகுவெட்டும் போதாதா?"

"அமெரிக்காவுல ஓநாயையெல்லாம் கொன்னதும் மான் பெருகி, காட்டையே மேஞ்சு தீர்த்துச்சே..."

"அந்த மான் கணக்கே ஊகம், மிஸ். புலி, ஓநாயைக் கொன்ன அதே காலத்துல ஆடுமாட்டையும் அங்கேருந்து குறைச்சாங்க. எதனால எதுன்னு எப்படிச் சொல்வீங்க?"

"அங்க புலி கிடையாது சார், மலைச்சிங்கம்."

"சரி, சிங்கம். அப்பவும் நிரூபிங்க."

அக்னஸுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் மனுஷன் சொல்வதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தை நம்பி ஸ்ரீரங்கத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தது. அங்கே கூண்டில் ஒரு கிழச் சிறுத்தை. அக்னஸ் போய்க் கேட்டாள், சாணம் வேண்டும் என்று. கூண்டுக்காரன் சிரிக்கவில்லை, கிறுக்கோ என்று பயந்துவிட்டான். மண்ணெண்ணெய் டின்னில் அடைத்து, குதிரைச் சாணத்தையும் இன்னொரு டின்னில் வாங்கி, துறையூர் பஸ்ஸில் மடியோரம் வைத்துக்கொண்டு கொள்ளிடத்தைத் தாண்டிப் போனாள். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார்.

யோசனை எளிதுதான். மலையடிவாரத்தில் வீரமலை என்ற குடியானவரின் மரவள்ளிக் கொல்லை. ஒரு மூலையைச் சுற்றிச் சிறுத்தைச் சாணம். இன்னொரு மூலையில் குதிரைச் சாணம், புதுவாசனைக்கே பன்றி மிரளுகிறதா என்று பார்க்க. மூன்றாவதைச் சும்மா விடுவது. கிழங்கு பக்கத்திலேயே இருந்தும் சிறுத்தை வாசத்துக்குப் பன்றி ஒதுங்கினால், அந்தப் பயம் போனதும் பன்றி பெருக ஒரு காரணம்தான் என்று பேசலாம். முழு நிரூபணம் இல்லை, அது அவளுக்கே தெரியும்.

"அண்ணே, இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள். "ஊருக்குத் தெரிஞ்சா வேடிக்கை பார்க்க வருவாங்க. மனுஷ வாடை பட்டா பன்னி அதனாலேயே வராது, சோதனை கெட்டுப்போயிடும்."

"நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்?" என்றார் வீரமலை. சொன்ன சொல் காப்பாற்றுகிற மனுஷர்.

சும்மா விட்ட மூலையைப் பன்றி உழுது போட்டது. குதிரைச் சாணத்தைச் சட்டையே பண்ணவில்லை. சிறுத்தைச் சாணம் போட்ட மூலையில் ஒரு வாரம் ஒரு செடிகூடச் சாயவில்லை. அக்னஸ் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குதித்துக்கொண்டு திருச்சி வந்து சேர்ந்தாள். பிலோமின்ராஜ்கூட, "பரவால்ல, இதுக்கு நான் பதில் தேடணும்" என்றார்.

பொங்கல் முடிந்த கையோடு வீரமலை கல்லூரி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"டீச்சரம்மா, நீங்க போடச் சொன்னத பயலுவ பார்த்துட்டாங்க. சிறுத்தை திரும்பி வந்துருச்சுன்னு ஊரே கிடுகிடுத்துப் போச்சு. செத்த கன்னுக்குட்டி ஒண்ணுல பூச்சிமருந்தத் தடவி மேல ஓடையில போட்டுட்டாங்க."

"நீங்க சொல்லலாமே, அது சர்க்கஸ் சாணம்னு!"

"சொல்லாதீங்கன்னு சொன்னீங்களேம்மா. இல்லாத சிறுத்தைக்குத்தானே விஷம் வைக்கிறாங்க, வச்சுட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்." அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "இருந்துருக்கும்மா. செத்துக் கிடக்கு."

அக்னஸும் பிலோமின்ராஜும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள். ஓடைக்கல்லில் கிடந்தது பெண் சிறுத்தை. வாயோரம் நுரை காய்ந்திருந்தது. பக்கத்தில் இரண்டு நாய், ஒரு கழுகுக் கூட்டம், எல்லாம் செத்து. இருவரும் கையில் துணி சுற்றிக்கொண்டு வயிற்றை அறுத்துப் பார்த்தார்கள். கன்றுக்குட்டி இறைச்சி இருந்தது. அதற்குக் கீழே, குடலில், பன்றிக்குட்டிக் குளம்புகளும் கரடுமுரடான மயிரும்.

ஏன் எட்டு வருஷமாக ஒரு புகாரும் இல்லை என்பது அக்னஸுக்கு அப்போதுதான் உறைத்தது. மலையில் பன்றிக்குட்டி கொட்டிக் கிடக்கும்போது இது எதற்கு ஊருக்குள் இறங்கி ஆட்டைத் தொடும்? சிறுத்தையைத் தேடாமல் புகாரைத் தேடி, புகார் இல்லையென்றால் சிறுத்தையும் இல்லையென்று எழுதிவிட்டாள். பாவி, மூன்று வருஷம் அதே ஓடை வழியாகத்தான் நடந்தாள்.

செத்த சிறுத்தையின் மடியில் பால் கட்டியிருந்தது. பொழுது சாயும்வரை பாறை இடுக்குகளில் குட்டிகளைத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

"பன்னியத் தின்னிருக்கு. நீங்க சொன்னது சரிதான்" என்றார் பிலோமின்ராஜ், திரும்பும் பஸ்ஸில்.

"இது இருந்தும் பன்னி பெருகியிருக்கு. நீங்க சொன்னதும் சரிதான்."

"ஒத்தச் சிறுத்தை என்ன செய்யும், மிஸ்? ரெண்டு மூணு இருந்தா வேற மாதிரி இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்" என்றாள் அக்னஸ். பஸ் கொள்ளிடப் பாலத்தில் ஏறியபோது அழுதாள், பக்கத்தில் ஆள் இருக்கிறதென்று பார்க்காமல்.

கூட்டத்தில் அவள் எதையும் மறைக்கவில்லை. சாணம், விஷம், குளம்பு, பால் எல்லாவற்றையும் சொன்னாள். பிலோமின்ராஜ் தனக்குச் சாதகமாக ஒன்றும் பேசாமல், "ரெண்டு பக்கமும் சாட்சி குறைவு, இன்னும் சில வருஷம் ரெண்டு மலையையும் பார்க்கணும், அதுவரைக்கும் சுட விடாதீங்க" என்றார்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுஷர்தான். "சிறுத்தை இருந்த இடத்துலயும் பன்னி பெருகியிருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் அதைக் காப்பாத்தி குடியானவனுக்கு என்ன லாபம்னு நான் மேலே எழுதறது?" பக்கத்து மலைக்கு லைசென்ஸ் கொடுப்பதாக முடிவாயிற்று.

எழுந்து போகும்போது அவர் கட்டுரையை அவளிடம் திருப்பி நீட்டினார். "நடந்ததையெல்லாம் சேர்த்து, தப்பானதத் திருத்திக் கொடுங்கம்மா. ஆபீஸ்ல வச்சுக்கிறோம்."

அக்னஸ் பேனாவைத் திறந்துகொண்டு முதல் வரியைப் படித்தாள். பச்சைமலையின் தெற்குச் சரிவில் இப்போது சிறுத்தை இல்லை. அதில் திருத்த ஒன்றும் இல்லை.