கேடயமும் நாற்பது டன் எள்ளும்

பம்பு கம்பெனியில் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளிக்கு நிஜமாகவே அக்கா, மற்றவர்களுக்குப் பயத்தில் அக்கா. அவள் அறைக் கதவில் ஏற்றுமதிப் பிரிவு என்று போர்டு தொங்கியது. உள்ளே நடந்ததோ பெரும்பாலும் வசூல்தான். எந்த நாட்டுக்காரன் பணம் இழுத்தடித்தாலும் போனை எடுத்து, அவனுக்குப் புரிகிற மொழியில் பாதியும் புரியாத மொழியில் பாதியுமாக வாங்கு வாங்கென்று வாங்குவாள். மூன்றாம் நாள் பணம் வந்துவிடும். பதினெட்டு வருஷத்தில் அவள் வாயை ஜெயித்த பாக்கி ஒன்றுகூட இல்லை.

வம்பு வந்து சேர்ந்தது தம்பியால்தான்.

தம்பி ஒரு மாநாட்டுக்குப் போனான். போனவன் சும்மா வரக்கூடாதா? கையில் கேடயத்தோடு வந்தான். பித்தளை மாதிரி பளபளக்கும் ஏதோ ஒன்றில் ஒரு பூகோள உருண்டை, அதன் கீழே ‘சொந்தக் காசில் முதல் ஏற்றுமதி’ என்று எழுதியிருந்தது. பம்பு இன்னும் கப்பல் ஏறவே இல்லை, கேடயம் மட்டும் இறங்கிவிட்டது.

“அக்கா, இனிமே டாலரே வேண்டாம். புதுசா பம்பு கேக்குற நாட்டோட நம்ம சர்க்கார் ஒப்பந்தம் போட்டாச்சு. நம்ம காசுலயே பில் போடலாம், நம்ம காசுலயே பணம் வரும். நடுவுல எவனோ ஒருத்தன் நோட்டு எதுக்கு?”

“தாமிரக் கம்பியை எந்தக் காசுல வாங்குற?”

“அது டாலர்தான்.”

“அப்போ அந்த டாலர் எங்கேருந்து வரும்?”

“எல்லாத்தையும் குத்தம் சொல்லாதே அக்கா,” என்றான் தம்பி. கேடயத்தை அவள் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனான்.

அவள் கேட்டதில் தப்பில்லை. மோட்டாருக்குள் சுற்றும் தாமிரக் கம்பி வெளிநாட்டிலிருந்து வருகிறது. இத்தனை நாளும் பம்பு விற்ற டாலர் வங்கியில் டாலராகவே கிடக்கும், அதிலிருந்தே கம்பிக்காரனுக்குப் போய்விடும். டாலர் ஏறினாலும் இறங்கினாலும் இவர்களுக்குத் தலைவலி கிடையாது. இப்போது ஒரு பக்கத்தை மட்டும் சொந்தக் காசுக்கு மாற்றியாயிற்று. கம்பிக்காரனிடம் போய்த் தேசப்பற்று பேச முடியுமா?

நானூறு பம்புகள் கப்பலேறின. முப்பது நாள் ஆனது. பணம் வரவில்லை. அக்கா உற்சாகமாகப் போனை எடுத்தாள்.

அந்தப் பக்கம் எடுத்தவர் எள் வியாபாரி. அவர் ஊர் விவசாயிகளிடம் எள் வாங்கி விற்பவர். அவர்களுக்கே பம்பும் விற்கலாம் என்று புதிதாக ஆரம்பித்திருந்தார். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“சிஸ்டர், நான் இருபது நாள் முன்னாடியே எங்க பேங்க்ல முழுப் பணமும் கட்டிட்டேன். ரசீது அனுப்புறேன். உங்க பம்பு இங்கே துறைமுகத்துல கிடக்கு. உங்களுக்குப் பணம் வந்தாத்தான் சரக்கை எடுக்கிற பேப்பரை எனக்குத் தருவாங்க. தினமும் வாடகை ஏறுது. விதைக்கிற நேரம் வேற. என்னதான் பண்றீங்க அங்கே?”

 அக்கா தயாராக வைத்திருந்த வசவு அத்தனையும் வாய்க்குள்ளேயே நின்றது. ரசீதும் வந்தது. அதில் முத்திரையும் இருந்தது.

சரி, வங்கியைப் பிடிப்போம் என்று கிளம்பினாள். மேனேஜர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். எழுந்தது மரியாதையா, ஓடுவதற்கான முன்னேற்பாடா என்று சொல்ல முடியாது.

“மேடம், அவங்க பேங்க் நம்மகிட்ட ஒரு கணக்கு வெச்சிருக்கு. நம்ம காசுல. அதிலேருந்துதான் உங்களுக்குத் தரணும்.”

“தாங்க.”

“அதுல காசு இல்லியே.”

“அவர் கட்டிட்டாரே?”

“அவர் அங்கே அவங்க காசைக் கட்டினார். அது கடல் தாண்டி வராது. இங்கே இருக்கிற கணக்குல நம்ம காசு விழணும்னா, நம்ம ஆளுங்க யாராவது அவங்க சரக்கை வாங்கி, விலையை இந்தக் கணக்குல கட்டணும். அந்தக் காசைத்தான் உங்களுக்குக் கொடுப்போம்.”

“யாரும் வாங்கலையா?”

“அவங்க விக்கிறதே டாலருக்குத்தானே மேடம். டாலர் குடுக்கிறவன் வாசல்ல நிக்கும்போது நம்ம காசை எவன் கேக்குறான்? போன மாசம் ஒருத்தர் தோல் வாங்கினார், கொஞ்சம் விழுந்துச்சு.”

“அது எங்கே?”

“டிராக்டர் கம்பெனிக்குப் போயிடுச்சு. வரிசையில உங்களுக்கு முன்னாடி அவங்க. இன்னும் ஏழு பேர் இருக்காங்க.”

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். யாரைத் திட்டுவது? வாங்கினவன் பணம் கட்டிவிட்டான். வங்கி பொய் சொல்லவில்லை. ஒப்பந்தம் போட்டவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கணக்கைத் திறக்க நாலு பேர் ரிப்பன் வெட்டியிருக்கிறார்கள், அதில் காசு எப்படி விழும் என்று கேட்க ஒருத்தனுக்கும் நேரமில்லை. இவர்கள் கம்பெனி மட்டும் என்ன ஒழுங்கு? மாநாட்டுக்காரர்கள் போன் செய்தபோது, கேடயத்தில் கம்பெனி பெயர் பெரிதாக வருமா என்றுதானே தம்பி கேட்டான்.

கம்பிக்காரனின் கெடு முடிந்தது. அவன் இரண்டு மாதம் தவணை கொடுத்தான், வட்டியோடு. பழைய பில் தீராமல் புதுக் கம்பி கிடையாது என்றும் சொல்லிவிட்டான். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பிரிவில் பதினெட்டுப் பெண்கள். இருக்கிற கம்பி ஐந்து வாரத்துக்குத்தான் வரும். அவர்களுக்கு வேலையை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்தார்கள். அக்காவை நேரில் பார்த்தால் தலை குனிந்து போகிற பெண்கள், இப்போது நிமிர்ந்து பார்த்துக்கொண்டு போனார்கள். அது அவளுக்கு உறைத்தது. அன்று இரண்டு மணி நேரம் யாரையும் திட்டாமல் உட்கார்ந்திருந்தாள். கம்பெனியே பதறிப்போயிற்று.

பிறகு எள்ளுக்காரரைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, கட்டின பணத்தைத் திருப்பி வாங்குங்க. அதுல எள்ளு வாங்கி எனக்கு அனுப்புங்க. பம்பு விலைக்கு எள்ளு சரியாப் போயிடும். பணம் எங்கேயும் போக வேண்டாம்.”

“உங்களுக்கு எள்ளு வியாபாரம் தெரியுமா சிஸ்டர்?”

“எண்ணெய்ப் பாட்டில்ல படம் பாத்திருக்கேன்.”

மேனேஜர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விற்றவரும் வாங்கினவரும் இரண்டு பில்லிலும் அதே ஆட்களாக இருந்தால் ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைத் தொடர்ந்து பதினோரு படிவங்களும் இருந்தன. அந்த நாட்டில், டாலர் கொண்டுவராத ஏற்றுமதிக்கு அனுமதி வாங்க எள்ளுக்காரருக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒருவழியாக எள் கப்பலேறி, அதன் காகிதம் வங்கிக்கு வந்ததும் பம்பின் காகிதத்தை அவருக்கு விட்டார்கள். உலக வர்த்தகம் இத்தனை முன்னேறி, கடைசியில் சரக்குக்குச் சரக்கு என்று வந்து நின்றது.

இரண்டு கண்டெய்னர், எண்ணூறு மூட்டை, நாற்பது டன். மோட்டார் வைக்கிற கொட்டகை முழுக்க எள். காவலாளி எலிக்காக இரண்டு பூனைகளைக் கொண்டுவந்து விட்டார். தம்பி மூட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“இதை யார் வாங்குவா அக்கா?”

“உன் மச்சான்.”

தம்பியின் முகம் செத்துப்போயிற்று. அவன் மனைவியின் அண்ணன் எண்ணெய் மில் வைத்திருந்தார். நாற்பது டன்னையும் மொத்தமாக எடுத்துக் கையில் பணம் கொடுக்கிற தெம்பு சுற்றுவட்டாரத்தில் அவருக்கு மட்டும்தான் இருந்தது. ஆனால் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் மில்லுக்கு இவர்கள் விற்ற பம்பு மூன்றாவது வாரமே புகைந்துபோனது. மின்சாரம் சரியில்லை, உத்தரவாதத்தில் வராது என்று கம்பெனியிலிருந்து கடிதம் போனது. கடிதம் எழுதியது அக்கா.

மில் அறையில் மச்சான் எள்ளை உள்ளங்கையில் போட்டு ஊதிப் பார்த்தார். நல்ல எள் என்று அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அதை வாய் சொல்லவில்லை.

“சந்தை விலையில நூத்துக்கு எட்டு குறைச்சுத் தருவேன்.”

“நாலு.”

“எட்டு. அதுக்கு முன்னாடி, அந்தப் பம்பைப் பத்திப் பேசணும். உக்காருங்கக்கா.”

அவர் பேசினார். நாற்பது நிமிஷம் பேசினார். தண்ணீர் இல்லாமல் மில் ஆறு நாள் நின்றதை, தங்கை வீட்டுக்காரன் என்று நம்பினதை, தங்கையிடம்கூட மனம் விட்டுப் பேச முடியாமல் போனதை, அந்த ஒரு பக்கக் கடிதத்தை வரிவரியாக ஒப்பித்துக் காட்டினார். நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். தன்னைப் போலவே ஒருத்தர் இருக்கிறார் என்று அக்காவுக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு வலித்தது. இத்தனை வருஷமாக எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்குமா?

அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் சொன்னாள்.

“மின்சாரம் சரியாத்தான் இருந்துச்சு. அந்த மாசம் வாங்கின கம்பி மட்டம். எனக்கு அப்பவே தெரியும்.”

மச்சான் அவளையே பார்த்தார்.

“தெரிஞ்சா எழுதினீங்க?”

“தெரிஞ்சுதான் எழுதினேன். தப்புதான்.”

எதிரே இருந்த நோட்டில் எட்டு என்று எழுதி அடித்தார். “ஆறு,” என்றார் மச்சான் கடைசியில். “நூத்துக்கு ஆறு குறைச்சுக்கலாம். புது மோட்டார் ஒண்ணு வரணும். இப்ப சொன்னதை எழுதி, உங்க தம்பி கையெழுத்துப் போட்டு அனுப்பணும்.”

தம்பி கையெழுத்துப் போட்டான். போடுவதற்கு முன் மூன்று தடவை படித்துவிட்டு, “இப்படி எழுதணுமா அக்கா?” என்றான். “கேடயத்துல எழுதினதைவிட இது உண்மை. போடு,” என்றாள்.

மச்சான் பணத்தை முழுதாகக் கொடுத்தார், அத்தனையும் சொந்தக் காசாக. அதை எடுத்துக்கொண்டு அக்கா வங்கிக்குப் போனாள், டாலர் வாங்க. இந்த நாலு மாதத்தில் டாலர் நூற்றுக்கு நாலு ஏறியிருந்தது. மாற்றுக்கூலி தனி. கம்பிக்காரனின் பில்லும் வட்டியும் போனபின் மிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். நானூறு பம்பு விற்றதில் லாபம் ஒரு கேடயம். ஆனாலும் கம்பி வந்தது. திங்கட்கிழமை பதினெட்டுப் பேரும் முழு வேலைக்கு வந்தார்கள். அதில் ஒருத்தி உள்ளே வரும்போதே, “அக்கா, உடம்புக்கு ஒண்ணும் இல்லியே? சத்தத்தையே காணோமே?” என்று கேட்டாள். “போய் வேலையைப் பாருடி,” என்றாள் அக்கா.

அன்று மதியம் எள்ளுக்காரர் போன் செய்தார்.

“சிஸ்டர், பம்பு அருமை! தண்ணி பிச்சுக்கிட்டு வருது. இன்னும் எண்ணூறு வேணும்.”

தம்பி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சரி சொல்லு என்று தலையைத் தலையை ஆட்டினான். அக்கா அவனை முறைத்துவிட்டு, நாலு மாதமாக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

“அண்ணே, ஒரு ஏற்பாடு. கம்பிக்கு ஆகிற பங்கை மட்டும் டாலர்ல முன்பணமா அனுப்புங்க. கூலி, இரும்பு, மத்ததெல்லாம் எங்க காசுலதான் செலவு. அதை எந்தக் காசுல வேணும்னாலும் பாத்துக்கலாம்.”

“நியாயம்தான்,” என்றார் அவர். “ஆனா டாலர் இருந்தா நான் எதுக்கு சிஸ்டர் உங்க காசுல வாங்க வந்தேன்? எங்க பேங்க்ல டாலருக்கு எழுதி வெச்சா எட்டு மாசம் ஆகுது. மருந்துக்குக் குடுத்த மிச்சம்தான் பம்புக்கு.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல். இந்த வியாபாரத்தில் யாருமே பொய் சொல்வதில்லை, யாரிடமும் டாலரும் இல்லை. அக்கா மேஜையில் இருந்த எள் சாம்பிள் பையை இழுத்து, காற்றில் பறக்காதபடி அதன் மேல் வைத்திருந்த கேடயத்தைத் தம்பி பக்கம் நகர்த்தினாள்.

“அண்ணே,” என்றாள், “அடுத்த அறுவடை எப்போ?”

தேதியைக் குறித்துக்கொண்டு போனை வைத்தாள்.

“என் மச்சான் எண்பது டன் எடுப்பாரா அக்கா?” என்றான் தம்பி.

“எடுப்பார். இந்தத் தடவை அவர்கிட்ட நீ போய் உக்காரு.”