கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பதவி

டம்பர் என்பவர் வைபர் செயலியில் அனுப்பிய படத்தில் அவருடைய பயோடேட்டா முக்கால் பங்கு இருந்தது. மீதி கால் பங்கில் ஒரு கட்டைவிரல் இருந்தது.

நேபாளத் தலைநகரின் தில்லிபஜாரில் பதினோரு வருடமாக நேபாளி ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்க்கிறேன். மங்கலான முத்திரை, மடிப்பில் தொலைந்த தேதி என்று எல்லாம் பார்த்தவள்தான். ஆனால் இந்த விரல் சரியாக ஒரு பதவியின் மேல் உட்கார்ந்திருந்தது. பொக்காராவில் ஒரு ஹோட்டலை மூடியபோது, அதன் மேலாளரே எழுதி முத்திரை வைத்துக் கொடுத்த பயோடேட்டா அது. அதை வைத்துத்தான் டம்பர் குரோஷியாவில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் மூன்று வருடம் உதவிச் சமையல்காரர். அதற்கடுத்த ஐந்து வருடம் விரல்.

பத்து மணிக்கு டம்பர் வந்தார். பின்னாலேயே, அவர் எதிர்பார்க்காதபடி, மனைவி நர்மதாவும் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள்.

"அக்கா, அந்த எடத்துல சமையல் எடுபிடின்னு போட்டுடுங்க," என்றார் டம்பர்.

"எடுபிடியா? தலைமை சமையல் நிபுணர்னு போடுங்கக்கா! அந்த அடுக்களைல இவரு கத்துனா ஏரிக்கரை வரைக்கும் கேக்கும்."

"கத்துறது பதவி இல்ல தங்கச்சி," என்றேன். "எனக்குத் தெரியறது விரல்தான். அதனால 'இங்கே ஒரு சொல் விரலால் மறைந்துள்ளது'ன்னுதான் எழுதுவேன்."

"குரோஷியாக்காரன் சிரிக்க மாட்டானா?" என்றாள் நர்மதா.

"சிரிக்கட்டும். பொய் சொன்னேன்னு சொல்ல மாட்டான்."

மற்ற வரிகளிலும் இதே இழுபறிதான். எஸ்.எல்.சி. என்ற பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு முந்தைய தகுதித் தேர்வில் தேறியவர் டம்பர். எஸ்.எல்.சி. எழுதவில்லை. "எஸ்.எல்.சி.ன்னே போட்டுடுங்க, ஒரு பரீட்சைதானே வித்தியாசம்," என்றாள் நர்மதா. "எட்டாவதுன்னு போடுங்க, போதும்," என்றார் அவர். பத்தாம் வகுப்பு, பள்ளியின் தகுதித் தேர்வில் தேர்ச்சி, பொதுத் தேர்வு எழுதவில்லை என்று தட்டினேன். சமையல் திறன் தேர்வில் இரண்டாம் நிலைச் சான்றிதழை அவள் டிப்ளமோ ஆக்கப் பார்த்தாள், அவர் விட்டுவிடச் சொன்னார். இரண்டாம் நிலை என்று எழுதி, கொடுத்த வாரியத்தின் பெயரையும் போட்டேன். அதன் எடை என்னவென்று வேலை கொடுப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்.

"ஒரிஜினல் இல்லியா?" என்று கேட்டேன். "இருந்தா விரலப் பத்தி எழுத வேண்டியதில்ல. நோட்டரி முத்திரைக்கும் அது வேணும்."

"ஊர்ல இருக்கு. எலி கடிச்சிருச்சு," என்றார் டம்பர் அவசரமாக.

"எந்த எலி?" நர்மதா பையைத் திறந்தாள். மொடமொடவென்று தாள் வெளியே வந்தது. எலி பக்கத்தில்கூடப் போயிருக்கவில்லை.

விரல் இருந்த இடத்தில் ஒரே சொல்தான். சமையல்காரர். விக்ரம ஆண்டு 2073 வைசாகம் முதல். ஆங்கிலக் கணக்கில் 2016 ஏப்ரல் என்று மாற்றித் தட்டினேன்.

"பாத்தீங்களா? எடுபிடியும் இல்ல, நிபுணரும் இல்ல," என்றேன்.

டம்பரின் முகம் தொங்கிவிட்டது. "அப்படிப் போட்டா வேலைக்கு எடுத்துக்குவாங்களே அக்கா!"



"எடுத்துக்கணும்னுதானே வந்தோம்?" நர்மதாவின் குரல் இறங்கியிருந்தது.

"ஆசைப்பட்டது நீ. நான் தலையாட்டினேன்." அவர் தரையைப் பார்த்தார். "ரெண்டு வருஷம். நீ இங்க, நான் அங்க. யாருக்குச் சமைக்கிறது?"

"போகப் பிடிக்கலேன்னா வாயத் தொறக்க வேண்டியதுதானே? கட்டைவிரலையா வைப்பாங்க, மனுஷா!" திட்டினாள்தான். ஆனால் கண் நனைந்துவிட்டது. "உங்கள விட்டுட்டு நான் மட்டும் என்ன பண்ணப் போறேன்னு நெனச்சீங்க?"

நான் அவர்களைப் பார்க்காமல் இருக்க, பையில் இருந்த வேலை அறிவிப்பை எடுத்துப் படித்தேன். சமையல்காரர், மூன்று வருட அனுபவம். அதற்குக் கீழே இன்னொரு வரி. அறைப் பணியாளர், இரண்டு வருடம்.

"தங்கச்சி, நீ எங்கயாவது வேலை பாத்திருக்கியா?"

"அதே ஹோட்டல்தான். அங்கதான் இவரப் பிடிச்சேன். நாலு வருஷம். சும்மா பெட்ஷீட் மாத்திக்கிட்டிருந்தேன்."

"சும்மாவா?" டம்பர் நிமிர்ந்தார். "மாடி பூரா இவ ராஜ்ஜியம்க்கா! நிர்வாகி, தலைமை நிர்வாகின்னு போடுங்க!"

"ஐயோ, கூட்டித் தொடைச்சேன்னு போடுங்க, போதும்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். "ரெண்டு பேரும் வாய மூடுங்க. முத்திரை வச்ச தாள் இருக்கா?"

"வீட்ல இருக்கு."

"அதுல என்ன இருக்கோ அதான் போடுவேன். ரெண்டு பேரும் சேந்தே விண்ணப்பிக்கலாம். போய்ப் படம் எடுத்து அனுப்புங்க. ஒரிஜினல நாளைக்குக் கொண்டு வாங்க."

மதியம் படம் வந்தது. அறைப் பணியாளர், நான்கு வருடம், முத்திரை, கையெழுத்து, எல்லாம் தெளிவு. தாளின் இரண்டு ஓரத்தையும் இரண்டு கட்டைவிரல்கள் பிடித்திருந்தன. ஒன்று தடிமனானது. மற்றதன் பின்னால் மணிக்கட்டில் சிவப்பு வளையல் தெரிந்தது. ஒரு எழுத்தும் மறையவில்லை.