நாமினி யாரு?

வாரிசுச் சான்றிதழில் இரண்டே பேர்தான். மனைவி குமுதவல்லி, தாய் அங்கம்மாள். இறந்துபோன இளங்குமரனின் சேமிப்புப் பணத்துக்காக இருவரும் வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவன் நாமினி போட்டிருந்தால் தாலுகா ஆபீசுக்கு இத்தனை நடை நடந்திருக்க வேண்டாம்.

போடவிடாமல் செய்தவள் அங்கம்மாள்தான். "வாழப்போற புள்ளைக்கு எதுக்குடா சாவுப் பேச்சு?" என்று அன்று மகனைத் தடுத்துவிட்டாள். குமுதவல்லிக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

தன் பங்கு வேண்டாம், எல்லாம் மருமகளுக்கே என்ற கடிதத்தில் அங்கம்மாள் கையெழுத்துப் போட்டாள்.

"பணத்தை வரவு வைக்க உங்க பேர்ல ஒரு கணக்கு வேணும்மா," என்று மேலாளர் குமுதவல்லியிடம் படிவத்தை நீட்டினார். "நாமினி யாரு?"

"மொதல்ல அத எழுது தாயி," என்றாள் அங்கம்மாள்.

குமுதவல்லி எழுதினாள். அங்கம்மாள் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டினாள். முகம் மாறியது.

"ஏன்டி, என் பேரையா எழுதுற? எனக்கு முன்னாடி நீ போயிருவியாக்கும்? அடிச்சுப்புடுவேன். அடிச்சிட்டு வேற ஆளப் போடு!"

குமுதவல்லி நிமிரவில்லை.

"வேற யாரு அத்தை இருக்கா எனக்கு?"