குளிர் அறைக்குள் மூன்று பேர்

மே மாதம். ஒரகடத்துத் தொழிற்சாலை கேன்டீனில் குளிர் அறை மட்டும், உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கிற என்னை மூன்று நாளாக ஏமாற்றிக்கொண்டிருந்தது. காலையில் நான்கு டிகிரி, சாயங்காலம் பதினொன்று. மெக்கானிக் இரண்டு முறை வந்து பார்த்து, இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார்.

கீழ்த்தட்டில் எண்பது கிலோ கோழி உருகிக்கொண்டிருந்தது. முந்தின நாள் வண்டியிலேயே பொட்டலங்களுக்கு நடுவில் தெர்மாமீட்டரை வைத்து, மைனஸ் பதினெட்டு என்று பார்த்த பிறகே இறக்கவிட்டேன். மறுநாள் நானூறு பேருக்கு அதுதான் மதியச் சாப்பாடு. கோழி ஐந்தைத் தாண்டினால் கொட்டத்தான் வேண்டும். "பதிவேட்டுல சாயங்காலமும் நாலுன்னே எழுதிடு, முத்துச்செல்வி" என்றார் மேனேஜர் இராமச்சந்திரன். நான் எழுதவில்லை.

அன்று நாலே முக்காலுக்குச் சொல்லாமல் போனேன். கதவு மூடவில்லை, இடுக்கில் ஓர் அரிசி மூட்டை. உள்ளே தலைமைச் சமையல்காரர் நெல்லையப்பன் தயிர் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சமையல் உதவியாளர்கள் லூர்தம்மாள், கிளியம்மாள்.

"இன்னா மேடம், கொஞ்சம் காத்து வாங்கிக்கினு கீறோம்" என்றாள் கிளியம்மாள்.

"மூட்டை எதுக்கு?"

"கதவு சாத்திக்கிட்டா நாங்க நாளைக்குக் குழம்புல கெடப்போம்லா" என்றார் நெல்லையப்பன்.

"உள்ளேயிருந்து தள்ளித் திறக்கிற கைப்பிடி இருக்கே அண்ணாச்சி."

"அதைத் தள்ளிப் பாத்தது யாரு?"

"எப்போலேர்ந்து திறந்திருக்கு?"

"ஒரு மணிலேர்ந்து" என்றாள் லூர்தம்மாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

தெர்மாமீட்டரின் ஊசியைத் துடைத்துக் கோழியில் குத்தினேன். உள்ளே மைனஸ் ஒன்று, மேலே நான்கு. அறையின் பின்கோடியில், பாதி கட்டியாகவே இருந்ததால் தப்பித்தது. கதவோரம் கழுவி வைத்திருந்த கானாங்கெளுத்தி மீனைக் குத்தினேன். பத்து.

"இது குப்பைக்கு" என்றேன்.

மூவரின் முகமும் தொங்கியது. அது சமையல்கட்டு ஆட்களின் ராத்திரிச் சாப்பாட்டுக்கென்று அவர்களே சொல்லி வாங்கிய மீன்.

"நல்லா கொதிக்க வெச்சா சரியாயிரும்" என்றார் நெல்லையப்பன்.

"இந்த மீன் சூட்டில் கிடந்தா அதில் ஊறுற விஷம் கொதிச்சாலும் போகாது. சாப்பிட்டா மூஞ்சி சிவந்து உடம்பெல்லாம் தடிக்கும்."

"கிளியம்மா ஏற்கெனவே அப்பிடித்தான இருக்கா."

"உனக்கு ரசமும் கெடையாது, போ" என்றாள் அவள்.

மீனை நானே கொட்டினேன். பிறகு அடுப்பு மேடைக்குப் போய், அவர்கள் நிற்கிற இடத்தில் வேறொரு தெர்மாமீட்டரைப் பிடித்தேன். நாற்பத்து நான்கு. கோழிக்கு எத்தனை டிகிரி என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைச் சமைக்கிறவர்களுக்கு எத்தனை என்று எந்தச் சுவரிலும் இல்லை. பதிவேட்டில் குளிர் அறைக்குக் கீழே அந்த எண்ணை எழுதினேன்.

கையெழுத்துப் போட வந்த இராமச்சந்திரன் கேட்டார். "இது எந்த அறைம்மா?"

"ஆளுங்க நிக்கிற அறை சார். ரெண்டு பெரிய ஃபேன் வாங்கிப் போட்டா குளிர் அறைக் கதவு தானே மூடிக்கும்."

"இதை அடிச்சிடேன்."

"அடிச்சா, நாளைக்குத் திரும்பவும் எழுதுவேன் சார்."

அவர் பேனாவை மூடாமலே சமையல்கட்டை எட்டிப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார்.