மருந்துப் பங்கு

இவர் எனக்குத் தெரியாமல் எதையோ முடிவெடுத்துவிட்டார். இல்லாவிட்டால் வங்கிக்குப் போக எதற்குச் சட்டையைத் தானே அயன் பண்ண வேண்டும்? கடையை விற்ற அன்றும் இப்படித்தான், என்னிடம் கேட்காமல், காலர் மடிப்பை மூன்று தரம் அழுத்தி அழுத்தி.

சுல்பிகா இதை வெளியே சொல்லவில்லை. ஆட்டோ சாய்ந்தமருதிலிருந்து கல்முனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கணவர் ஸலாஹுதீன் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கதைத்துக்கொண்டு வந்தார். கடல் காற்று நல்லது என்றார், டாக்டர் சொன்ன உப்புக் குறைந்த கறி பழகிவிட்டது என்றார். போன கிழமை சிறுநீரக கிளினிக்கில் டாக்டர் சொன்ன மற்றதைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஒரு வருடத்தில், அல்லது இரண்டு வருடத்தில், அவருடைய இரத்தத்தை எந்திரத்தில் சுத்திகரிக்கத் தொடங்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரச ஆஸ்பத்திரியில் இலவசம்தான், ஆனால் எந்திரங்கள் குறைவு, வரிசை நீளம். தனியாரில் செய்தால் ஒவ்வொரு தடவையும் காசு.

அவர்களுக்குச் சொந்தமாக வீடு இல்லை. மகள் றிஸ்னா கலியாணம் முடித்தபோது ஊர் வழக்கப்படி வீட்டை அவள் பேரில் எழுதிவிட்டு, பின்பக்கம் இரண்டு அறை கட்டி ஒதுங்கிக்கொண்டார்கள். சந்தைக்குள் இருந்த புடவைக் கடையை இரண்டு வருடத்துக்கு முன் விற்றார்கள். ஒரு கோடி இருபது லட்சம் ரூபாய். ஓய்வூதியம் கிடையாது. அந்தக் காசுதான் இனிச் சாகும்வரை.

வட்டி வேண்டாம் என்று இஸ்லாமிய வங்கிப் பிரிவின் முதாரபா வைப்பில் போட்டார்கள். காசு வங்கியின் வியாபாரத்தில் சேரும், இலாபத்தில் ஒரு பங்கு இவர்களுக்கு. இவ்வளவு என்று யாரும் உறுதி சொல்வதில்லை. றுமானா என்ற அலுவலர்தான் அன்று காசை மூன்றாகப் பிரித்து வைத்தாள். எண்பது லட்சம் மாதா மாதம் இலாபம் எடுக்கிற வைப்பு, சாப்பாடும் கரண்டும் மாத மருந்தும் அதில். பத்து லட்சம் சேமிப்பில், திடீரென்று கொழும்புக்கு ஓட வேண்டி வந்தால். மிச்சம் முப்பது லட்சத்தின் இலாபத்தை எடுக்காமல் வருடா வருடம் முதலோடு சேர்த்துக்கொண்டே போவது. அது மருந்துப் பங்கு. முதல் இரண்டு வருடம் தொடுவதில்லை, அதன் பிறகு மருந்து விலை எவ்வளவு ஏறியதோ அந்த வித்தியாசத்தை மட்டும் அதிலிருந்து எடுப்பது. வயது போகப் போக மருந்துச் செலவு மற்ற எல்லாச் செலவையும்விட வேகமாக ஏறும், அதனால் அதற்கான காசும் வளர வேண்டும் என்று றுமானா சொன்னாள். தக்காபுல் என்ற இஸ்லாமியக் காப்புறுதியைக் கேட்டுப் பார்த்தார்கள். அறுபத்தைந்து கடந்தவரை, அதுவும் இருக்கிற நோயோடு, எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

திட்டம் ஒரு வருடம் அழகாக ஓடியது. மாதம் எழுபத்து மூவாயிரம். பிறகு நாட்டில் எல்லா வைப்பின் வீதமும் இறங்கியது, இலாபமும் இறங்கியது. இந்தத் தடவை புதுப்பித்தால் ஐம்பத்து மூவாயிரம்தான் எதிர்பார்க்கலாம். அதிலிருந்து ஏழைகளுக்கான ஸக்காத்துக்கு ஒதுக்க வேண்டும். சுல்பிகா முழங்கால் பிடிப்புக்குப் போய்வந்த சிகிச்சையை நிறுத்தினாள். கால் சுகம், இனித் தேவையில்லை என்று சொன்னாள். ஸலாஹுதீன் நம்பியதுபோல்தான் இருந்தது.

வங்கியில் றுமானா எழுந்து வந்து ஸலாம் சொல்லி, மாமா, மாமி என்று வழக்கம்போல் அழைத்து இருவரையும் இருத்தினாள்.

“மாமா நேற்று போன்ல சொன்ன மாதிரி எழுதி வைச்சிரிக்கன்,” என்றாள். “மருந்துப் பங்கையும் மாசக் கணக்கோட சேர்க்கிற. இப்ப அது முப்பத்து நாலு லட்சத்துக்கு மேல வந்திட்டு. ரெண்டையும் சேர்த்தா மாசம் எழுபத்தாறாயிரம் மட்டில் வரும்.”

சுல்பிகா கணவரைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார்.

றுமானா சற்றுத் தயங்கி, ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்றாள். மாதம் மாதம் எடுத்தால் முதல் அப்படியே நிற்கும், வளராது. மருந்து விலை ஏறும்போது இந்த எழுபத்தாறாயிரம் ஏறாது, இன்னும் இறங்கவும் கூடும். பெரிய செலவு வந்து வைப்பை இடையில் உடைத்தால் இலாபமும் குறையும். மாமாவுக்கு நேற்றே சொன்னேன், மாமிக்கும் சொல்ல வேண்டியது என் கடமை என்றாள். பிறகு இருவரையும் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவருவதாக எழுந்து போனாள்.

“கடையில ஓடாத சரக்க வைச்சிருந்தா என்ன செய்வம்?” என்றார் ஸலாஹுதீன், மெதுவாக. “விலையக் குறைச்சு வித்து, ஓடுற சரக்க எடுப்பம். அந்தக் காசு சும்மா கிடக்கு புள்ள.”

“சும்மாவா கிடக்கு?”

“எனக்குத்தானே கிடக்கு. நான் அந்த எந்திரத்தில படுக்கப் போறல்ல. அது முடிவு. பிறகு என்னத்துக்கு அந்தக் காசு? நீ மாசம் இருபதாயிரம் கூட எடுத்து, காலுக்குப் பாரு.”

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்தாள்.

“கால் சுகம் எண்டு சொன்னா நான் நம்பிருவனா? நாப்பது வரிசமா புடவை வித்தவன் நான். வாங்க வந்த பொம்புள எதைப் பாக்காத மாதிரி இரிக்காவோ, அதுதான் அவக்கு வேணும்.”

சிரிப்பு வந்தது அவளுக்கு. இந்த மனிதர் தன்னை விலை குறைத்து விற்கப் பார்க்கிறார் என்று நினைத்தாள். அதையும் ஒரு வியாபாரி மாதிரி, நட்டம் தெரியாமல், வாங்குபவளுக்கு இலாபம் என்று காட்டி. ஒரு கணம் அவளுக்கு ஆசையாகவும் இருந்தது, அதை அவள் மறைத்துக்கொள்ளவில்லை, தன்னிடமிருந்தாவது. வலியில்லாமல் தொழுகையில் சுஜூது செய்து எழும்புவது, சந்தைக்கு நடந்து போவது. எழுபத்தாறாயிரம். எந்திரம் வேண்டாம் என்று இவர் முந்திப் போய்விட்டால், அந்தக் காசில் இவர் இல்லாத மாதங்களும் அடக்கம் என்று பிறகுதான் விளங்கியது. அந்த மாதங்களுக்கு இப்போதே காசு வாங்கச் சொல்கிறார்.

டாக்டர் சொன்னதை இவர் பயந்து கேட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பயம் இல்லை. கணக்குப் பார்த்திருக்கிறார். கிளினிக்கில் இருந்து வரும் வழியெல்லாம், சிரித்துப் பேசிக்கொண்டே.

றுமானா தண்ணீரோடு வந்தாள். கூட்டுக் கணக்கு என்பதால் இருவரும் ஒப்பமிட வேண்டும் என்று படிவத்தை இருவருக்கும் நடுவில் வைத்தாள். ஸலாஹுதீன் உடனே ஒப்பம் வைத்தார். கடை பில்லில் வைப்பதுபோல் ஒரே இழுப்பில். பேனாவை அவளிடம் நீட்டினார்.

“வைய்யன் புள்ள. எனக்காக.”

அவள் பேனாவை வாங்கவில்லை. அவர் கையைத்தான் பிடித்தாள், பேனாவோடு சேர்த்து. மேசைக்குக் கீழே இல்லை, மேலே, றுமானா பார்க்கத்தக்கதாக. கல்முனை வங்கியில் வைத்து இப்படி அவள் ஒருநாளும் செய்ததில்லை. அவர் காது சிவந்தது.

“அம்பத்து மூவாயிரத்தில என்னால சமைக்க ஏலும்,” என்றாள். “கால் பிடிப்புக்கும் ரெண்டு கிழமைக்கு ஒருக்காப் போவன். மீன சின்னதா எடுப்பம்.”

“சுல்பி, நான் சொல்றதக் கேளு...”

“கேட்டுட்டன்.”

அவர் காத்திருந்தார். கடையில் விலை பேசும்போது காத்திருக்கிற மாதிரி, எதிரே இருப்பவர் தாங்காமல் இறங்கி வருவார் என்ற நம்பிக்கையோடு. அவள் படிவத்தைத் திருப்பி, மெதுவாக றுமானா பக்கம் தள்ளினாள்.

“இதுல நான் ஒப்பம் வைக்கல்ல மகள்,” என்றாள். “மருந்துப் பங்கு அப்பிடியே இரிக்கட்டும்.”