எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது

நிலச் சீர்திருத்தத்தால் யார் பெற்றார்கள், யார் இழந்தார்கள் என்று பள்ளிப் பாடநூலுக்கு ஒரு கட்டுரை. நடுநிலையாக இருக்க வேண்டும். வரலாற்றுப் பேராசிரியை எழுதிக் கொடுத்திருந்தாள். பதிப்பாசிரியர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். மின்விசிறி சுற்றியதே தவிர, காற்று வந்தபாடில்லை.

"பதிவான குத்தகைக்காரங்களுக்கு நிலம் கிடைச்சுது, உச்சவரம்புக்கு மேல வச்சிருந்தவங்களுக்குப் போச்சு. சரி. உழ ஆளில்லாம குத்தகைக்கு விட்ட விதவைங்களும் இழந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க, ரொம்ப நியாயம். இந்தக் கடைசி வரிதான் இடிக்குது."

சட்டம் வருமுன்பே வெளியேற்றப்பட்ட வாய்மொழிக் குத்தகைக்காரர்களைப் பற்றிய வரி அது.

"பத்திரமும் இல்ல, எண்ணிக்கையும் இல்ல. அப்புறம் எங்கேர்ந்து மேடம் நடுநிலை?"

வரியைச் சிவப்பில் அடித்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எரிச்சல். மாணவன் எழுதியிருந்தால் அவளும் அடித்திருப்பாள்.

அவள் அப்பாவும் வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவர்தான். ஆனால் அவர் நிலம் போனதற்கு வீட்டில் வேறு காரணம் இருந்தது. அறுவடைப் பங்கு பிரிக்கும்போது அளவு குறைகிறதென்று உரிமையாளரிடம் வாய் விட்டார்; அடுத்த கோடையில் நிலம் பறிபோனது. "உங்க வாய்தான் நம்மள நடுத்தெருவுல நிறுத்துச்சு" என்று அம்மா சாகும்வரை சொல்லிக் காட்டினாள். அப்பா மறுத்ததே இல்லை. அன்று மூடிய வாய்தான். சாப்பாடு வேண்டுமா என்றால்கூடத் தலையைத்தான் ஆட்டுவார். மகளும் நம்பினாள். வீட்டுக் கதையை யார் ஆராய்ச்சி செய்கிறார்கள்?

மறுநாள் நூலகத்தில் பழைய வேளாண் கணக்கெடுப்புகளை எடுத்தாள். வீடுவீடாகக் கேட்டு எடுத்தவை, பத்திரம் கேட்டதில்லை. சட்டம் அமலான ஆண்டிலிருந்து எண்ணியதுதான் எல்லோரும் செய்த பிழை. சட்டம் வரப்போகிறதென்ற அறிவிப்பு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. அந்த இடைவெளியில் குத்தகைக்கு உழுதவர்கள் ஏறக்குறையப் பாதியாகிவிட்டார்கள். கூலியாட்கள் அதே அளவுக்குப் பெருகியிருந்தார்கள். அப்பாவின் ஊரும் அந்தக் கோடையும் அதற்குள்தான் இருந்தன. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. கை மட்டும் எண்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது.

அந்த எண்களைச் சேர்த்து வரியைத் திரும்ப எழுதிக் கொடுத்தாள். பதிப்பாசிரியர் இரண்டு தடவை படித்தார். "'பெரும்பாலும்'னு ஒரு சொல் சேருங்க. வரி இருக்கட்டும்."

மாலையில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். அவர் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அறிவிப்பு வந்த உடனே, குத்தகைக்காரனுக்கு உரிமை வந்துடும்னு பயந்து முதல்லயே எடுத்துட்டாங்கப்பா. நீங்க பேசாம இருந்திருந்தாலும் எடுத்திருப்பாங்க."

அவர் சுவரை விட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"வாய் விடாதவங்ககிட்டேயுமா?"

"அவங்ககிட்டேயும்தான்பா."

"உங்கம்மாவுக்குத் தெரியாமலே போயிடுச்சே" என்றார். பிறகு, பல வருஷங்களில் முதல்முறையாக, பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார்.